பேக்கரியில் சாயங்காலம் ஆனால் கார்டு மெஷின் சுற்றுகிறது, கஸ்டமர் வைஃபையை என்ன செய்வது?

கேள்வி: "எங்களுடையது சின்ன பேக்கரி, உள்ளே பத்து டேபிள். கல்லாவில் ஒரு பில்லிங் கம்ப்யூட்டர், பார்சல் கவுன்ட்டரில் இன்னொன்று, ரெண்டு ஸ்வைப் மெஷின், எல்லாம் ஒரே வைஃபை. கஸ்டமருக்கும் அதே பாஸ்வேர்டுதான், சுவரில் ஒட்டியிருக்கிறோம். சாயங்காலம் ஆனால் பில் போட நேரம் ஆகிறது, கார்டு மெஷின் சுற்றிச் சுற்றி ஃபெயில் ஆகிறது. 40 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக்கியும் அப்படியேதான். வைஃபையை நிறுத்தினால் காலேஜ் பசங்க வரமாட்டார்கள். என்ன செய்யலாம்?"

நிறுத்த வேண்டாம். கஸ்டமருக்குத் தனியாக ஒரு கெஸ்ட் நெட்வொர்க் போட்டுக் கொடுங்கள், இது சரியாகிவிடும். ஆனால் ரூட்டரில் அந்த ஒரு பட்டனை ஆன் செய்துவிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றும் மாறாது. கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை, "கெஸ்ட் போட்டும் பிரயோஜனம் இல்லை" என்று கூப்பிடுகிற கடைகளில் பெரும்பாலும் அது பெயரளவில்தான் கெஸ்டாக இருக்கும். எந்த அலைவரிசையில் போடுகிறீர்கள், எவ்வளவு வேகத்துக்கு மேல் போகாமல் கட்டுகிறீர்கள், கடைச் சாமான்களைப் பழைய பாஸ்வேர்டிலிருந்து எப்படிப் பிரிக்கிறீர்கள், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

முதலில், பிளானைக் கூட்டியும் ஏன் மாறவில்லை என்பது. ஒரு கார்டு பரிவர்த்தனைக்குப் போய்வருகிற டேட்டா ரொம்பச் சின்னது, வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு குட்மார்னிங் படத்தைவிடக் குறைவு. ஆனால் மெஷினும் பேங்க் பக்கத்து சர்வரும் பல தடவை மாறி மாறிப் பேசி முடிக்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குள். ஒவ்வொரு தடவையும் ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட் என்று தாமதமானால் மெஷின் காத்திருந்து பார்த்துவிட்டு ஃபெயில் என்று காட்டிவிடும். அதனால் உங்களுக்கு வேண்டியது வேகம் இல்லை, தாமதம் இல்லாத பாதை. பிளானைக் கூட்டினால் கிடைப்பது வேகம் மட்டும்தான்.

பில்லிங் விஷயம் இதைவிடத் தெளிவு. பார்சல் கவுன்ட்டர் கம்ப்யூட்டர் பெரும்பாலும் கல்லா கம்ப்யூட்டரில் இருக்கும் டேட்டாவைத்தான் எடுத்துப் பில் போடும் (உங்கள் சாஃப்ட்வேர் முழுக்க ஆன்லைனில் ஓடுவதாக இருந்தால் மட்டும் இது வேறு). ஒரு பஃப்ஸ், ரெண்டு டீ என்று தட்டும்போது அந்தத் தகவல் பார்சல் கவுன்ட்டரிலிருந்து ரூட்டருக்குக் காற்றில் போகிறது, ரூட்டரிலிருந்து கல்லாவுக்கு மறுபடியும் காற்றில் போகிறது. கடையை விட்டு வெளியே போவதே இல்லை. இண்டர்நெட் 40 ஆக இருந்தால் என்ன, 400 ஆக இருந்தால் என்ன, அதற்குச் சம்பந்தமே இல்லை.

காற்று என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். உள்ளே முப்பது போன் இருந்தால் உங்கள் ஸ்வைப் மெஷின் முப்பத்தொன்றாவது ஆள். அதிலும் கடைசி டேபிளில், சுவருக்கு அந்தப் பக்கம் அல்லது வாசலில் பைக் மேல் உட்கார்ந்து வைஃபை பிடித்திருக்கிற போன்தான் பெரிய தொல்லை. சிக்னல் குறைவாக இருப்பதால் அது மெதுவான விகிதத்தில் பேசும், பக்கத்தில் இருக்கும் போன் கண் இமைக்கும் நேரத்தில் இறக்குகிற அதே டேட்டாவுக்கு இது பல மடங்கு நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும், அதுவரை எல்லாரும் வாய்மூடி நிற்க வேண்டும். இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இன்னும் மோசம், ஏனென்றால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான், 1, 6, 11. பக்கத்து மெடிக்கல், எதிர்த்த மொபைல் கடை, மாடி வீடு எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் இருக்கும். ஸ்வைப் மெஷின்களில் நிறைய மாடல்கள் 2.4-ஐ மட்டும்தான் பிடிக்கும்.

இன்னொரு தாமதம் லைனில் வருவது. பசங்க வீடியோ பார்ப்பதைத்தான் எல்லாரும் திட்டுவார்கள், ஆனால் நான் முதலில் பார்ப்பது அப்லோடைத்தான். போன் வைஃபையில் ஏறியதும், "வைஃபை கிடைத்தால் மட்டும்" என்று வைத்திருக்கிற வேலைகள் எல்லாம் அதுவாகவே கிளம்பும்: போட்டோ பேக்கப், வாட்ஸ்அப் பேக்கப். கஸ்டமருக்கே தெரியாது, அவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருப்பார். பத்துப் பேர் போட்டோ மேலே ஏறிக்கொண்டிருந்தால் ரூட்டரில் வெளியே போக வேண்டியவை குவிந்து நிற்கும், ஸ்வைப் மெஷின் அனுப்புகிற அந்தச் சின்னத் தகவலும் அந்தக் குவியலுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஃபைபர் லைனில் அப்லோடும் டவுன்லோடும் பெரும்பாலும் சமமாகக் கொடுப்பார்கள், சில கேபிள் லைன்களில் அப்லோட் ரொம்பக் குறைவாக இருக்கும். ஒரு ஸ்பீட் டெஸ்ட் போட்டு அந்த ரெண்டாவது எண்ணைப் பாருங்கள்.

உங்கள் கடையில் காற்றா லைனா என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். பார்சல் கவுன்ட்டர் கம்ப்யூட்டர் இப்போது இருக்கிறபடியே வைஃபையில் இருக்கட்டும், அதில் Command Prompt என்கிற கறுப்பு விண்டோ ரெண்டு திறந்து, ஒன்றில் முதல் வரியையும் இன்னொன்றில் ரெண்டாவது வரியையும் அடித்து ஓட விடுங்கள்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்கள் ரூட்டர் (முகவரி வேறாக இருந்தால் `ipconfig` அடித்து, Default Gateway என்று வருவதைப் போடுங்கள்), ரெண்டாவது வெளியுலகம். காலையில் கூட்டம் இல்லாதபோது ஒரு தடவை, சாயங்காலம் மெஷின் சுற்றும்போது ஒரு தடவை, `time=` என்று வருகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் முதல் விண்டோவிலேயே எண் எகிறினால் கோளாறு காற்றில். முதலாவது அமைதியாக இருந்து ரெண்டாவது மட்டும் ஏறினால் லைன் அடைத்திருக்கிறது. ரெண்டும் நன்றாக இருந்தும் மெஷின் சுற்றினால் பிரச்சினை மெஷினிலோ பேங்க் பக்கத்திலோ இருக்கிறது, அதை எந்த கெஸ்ட் நெட்வொர்க்கும் சரி செய்யாது. அப்போது மெஷின் கொடுத்தவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

உங்களுடையது மாதிரியே ஒரு கடையில், அதுவும் பேக்கரிதான், காலையில் ரூட்டருக்கு 3, 4 மில்லி செகண்ட், வெளியே 20 சொச்சம் என்று அழகாக வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அதே கம்ப்யூட்டரில் ரூட்டருக்கே 80, 250, 400 என்று தாறுமாறாக ஏறி, நடுநடுவே `Request timed out.` என்று வந்தது. பத்தடி தூரத்தில், கண்ணெதிரே ஷெல்ஃப் மேல் இருக்கிற ரூட்டருக்குப் போய்வர அரை செகண்டுக்குப் பக்கம். வெளியே போகிற விண்டோவில் ஆயிரத்தைத் தாண்டியது. அதாவது காற்று, லைன் ரெண்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கும் காற்றில் கோளாறு பெரும்பாலும் உண்டு, பில் தாமதமாவதே அதற்கு அடையாளம். லைனும் சேர்ந்திருக்கிறதா என்பது அளந்தால்தான் தெரியும்.

வேலையைக் கேபிளிலிருந்து ஆரம்பியுங்கள். ரெண்டு பில்லிங் கம்ப்யூட்டரையும் லேன் கேபிளில் ரூட்டரோடு சேர்த்துவிடுங்கள். கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை போகும், உங்கள் கடைக்கு இருபது மீட்டர் தாண்டாது. ரூட்டரில் போர்ட் போதவில்லை என்றால் ஆயிரம் ரூபாய்க்குள் ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று. இதைச் செய்த உடனேயே பில் போடுகிற தாமதம் போய்விடும், கெஸ்ட் நெட்வொர்க் போடுவதற்கு முன்னாலேயே. நகராமல் ஒரே இடத்தில் இருக்கிற எதையும் வைஃபையில் வைக்காதீர்கள்.

அடுத்து கருவி. கேபிள்காரர் கொடுத்த மோடத்தில், அதாவது இப்போதைய ரூட்டரில், வைஃபை பெயர் ரெண்டு மூன்று வைத்துக்கொள்ளும் வசதி இருக்கும், அதையே சிலர் கெஸ்ட் என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பல மோடங்களில் அது பெயர்ப்பலகை மட்டும்தான். ரெண்டு பெயரும் உள்ளே ஒரே நெட்வொர்க், வேகத்துக்குக் கட்டுப்பாடும் கிடையாது. அதனால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற ரெண்டு பேண்டும், Guest Network என்ற வசதியும், வேகத்தைக் கட்டும் வசதியும் இருக்கிற ஒரு ரூட்டரைத் தனியாக வாங்குங்கள். வேகக் கட்டுப்பாடு Bandwidth Control என்றோ QoS என்றோ பெட்டியில் போட்டிருக்கும், வாங்குவதற்கு முன் அது கெஸ்டுக்குத் தனியாகப் போட முடிகிற வகையா என்று கேட்டுவிடுங்கள், எல்லா மாடலிலும் அப்படி இருக்காது. மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து கேபிள் எடுத்து புது ரூட்டரின் WAN போர்ட்டில் குத்தி, மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் பழைய போன்கள் எல்லாம் அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

இங்கே ரெண்டு விஷயம் கவனம். புது ரூட்டர் Router mode-இல் இருக்க வேண்டும், Access Point mode-இல் வைத்தால் பல மாடல்களில் கெஸ்டைப் பிரிக்கிற வேலையே நடக்காது. அப்புறம் கடையின் கம்ப்யூட்டர், பிரிண்டர், மெஷின் எல்லாமே புது ரூட்டருக்குள் வர வேண்டும், ஒன்றைக்கூட பழைய மோடத்தில் விட்டுவைக்கக் கூடாது. காரணம், புது ரூட்டருக்கு மோடம் பக்கம் இருப்பதெல்லாம் "வெளியே". கெஸ்டில் இருப்பவர் வெளியே போகலாம் என்பதுதானே ஏற்பாடு, அதனால் மோடத்தில் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரை அவரால் எட்ட முடியும். நிறையப் பேர் பழையதைக் கடைக்கு வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கிய ரூட்டரை அதன் பின்னால் மாட்டிக் கஸ்டமருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும், ஆனால் பாதுகாப்பு தலைகீழாகிவிடும். மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

இனி கெஸ்ட் அமைப்பு. கெஸ்ட் நெட்வொர்க்கை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஆன் செய்யுங்கள், 2.4-இல் அணைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் அதிகப் பலன் தருவது இதுதான். உங்கள் கடைக்குள் 2.4 முழுக்க ஸ்வைப் மெஷினுக்கு மட்டும் கிடைக்கும், கஸ்டமர் போன் எல்லாம் வேறு ரேடியோவில், அதனால் முப்பது போன் என்ன செய்தாலும் மெஷின் காற்றில் அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டி ரொம்ப தூரம் போகாது, வாசலில் பைக் மேல் இருப்பவருக்கு எட்டாது, உங்களுக்கு அது நல்லதுதான். பழைய, விலை குறைந்த போன் சிலவற்றில் 5 இருக்காது, அவர்களுக்குக் கிடைக்காமல் போகும், இதை நான் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன். Smart Connect என்ற வசதி ஆன் ஆகி இருந்தால் ரெண்டு பேண்டையும் ஒரே பெயரில் கலந்துவிடும், அதை முதலில் அணையுங்கள். Allow guests to access my local network, Allow guests to see each other என்று வருகிற ரெண்டையும் டிக் இல்லாமல் விடுங்கள்.

வேகத்துக்கு உச்சவரம்பு: 100 எம்பிபிஎஸ் லைனில் மொத்த கெஸ்டுக்கும் சேர்த்து டவுன்லோட் 40, அப்லோட் 10 என்று வைத்து ஆரம்பியுங்கள். பத்து டேபிளுக்கு இது தாராளம், ரீல்ஸ் ஓடும். டவுன்லோடில் கொஞ்சம் தாராளமாக இருந்தாலும் அப்லோடில் கறாராக இருங்கள். போட்டோ பேக்கப் மெதுவாகப் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மேலே சொன்ன கடையில் கேபிள், 5 மட்டும், இந்த வரம்பு மூன்றும் போட்ட பிறகு சாயங்காலம் ரூட்டருக்கு 1 மில்லி செகண்டுக்குள், வெளியே 25, 30 என்று நின்றுவிட்டது. (கேபிளில் போட்டதும் ரூட்டர் எண் `time<1ms` என்று காட்டும், அது சரிதான்.)

பெயரும் பாஸ்வேர்டும் பற்றி ஒரு யோசனை. புதுப் பாஸ்வேர்டை எல்லாக் கஸ்டமருக்கும் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, இப்போது சுவரில் இருக்கிற அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கெஸ்டுக்குக் கொடுத்துவிடுங்கள். வழக்கமாக வருகிற பசங்க போன் எல்லாம் அதுவாகவே கெஸ்டில் ஏறிக்கொள்ளும், ஸ்டிக்கரைக்கூட மாற்ற வேண்டாம். கடைக்குப் புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு, அது ரெண்டு ஸ்வைப் மெஷினில் மட்டும். மெஷினில் பழைய வைஃபையை Forget செய்ய மறக்காதீர்கள். சில மெஷின்களில் வைஃபை மாற்ற அட்மின் பின் கேட்கும், முன்கூட்டியே மெஷின் கம்பெனிக்குப் போன் செய்து வாங்கி வையுங்கள். வேலை செய்பவர்கள் போனும் கெஸ்டில்தான் இருக்க வேண்டும், உங்கள் போன் உட்பட. ஒருவருக்குக் கடைப் பாஸ்வேர்டு தெரிந்தால் மாசக் கடைசியில் பத்துப் பேரிடம் இருக்கும்.

மாற்றுகிற அன்று ரெண்டு இடத்தில் நிச்சயம் தடுக்கும். பில் பிரிண்டரோ சமையலறை பிரிண்டரோ நெட்வொர்க்கில் இருந்தால் அதற்கு 192.168.1.100 மாதிரி ஒரு நிலையான முகவரி கொடுத்து வைத்திருப்பார்கள். புது ரூட்டர் 192.168.0 என்று தொடங்கினால் பிரிண்டர் காணாமல் போய்விடும், பிரிண்டரிலும் பில்லிங் சாஃப்ட்வேரிலும் முகவரியை மாற்றியாக வேண்டும், ரூட்டரில் Address Reservation-இல் அதைப் பதிந்தும் வையுங்கள். ரெண்டாவது, விண்டோஸ் புது நெட்வொர்க்கைப் பார்த்ததும் Public என்று எடுத்துக்கொள்ளும், உடனே பார்சல் கவுன்ட்டருக்குக் கல்லா கம்ப்யூட்டர் தெரியாது. ரெண்டு கம்ப்யூட்டரிலும் Private என்று மாற்றினால் வந்துவிடும். இந்த வேலையை மத்தியானம் ரெண்டு மூன்று மணிக்கு, கூட்டம் இல்லாதபோது வைத்துக்கொள்ளுங்கள், மெஷினில் சிம் இருந்தால் அதுவரை சிம்மில் ஓட்டுங்கள். அந்தச் சிம்மை எப்போதும் உயிரோடு வைத்திருப்பது நல்லது, லைன் போனால் அதுதான் கை கொடுக்கும்.

முடிந்ததும் ஒரு சோதனை. உங்கள் போனை கெஸ்டில் போட்டு, பிரவுசரில் கல்லா கம்ப்யூட்டரின் முகவரியையும் பிரிண்டர் முகவரியையும் அடித்துப் பாருங்கள். பிரிண்டரின் பக்கம் திறந்தால் பிரிவு நடக்கவில்லை என்று அர்த்தம், திறக்காமல் நேரம் கழித்துப் பிழை காட்ட வேண்டும். பிரவுசர் எதையும் காட்டாதது மட்டுமே போதாது, பிங் செய்கிற ஆப் ஒன்று போட்டுக் கல்லா முகவரிக்குப் பதில் வருகிறதா என்றும் பாருங்கள். கார்டு விவரத்தை மெஷின் தானே பூட்டித்தான் அனுப்பும், அதை டேபிளில் இருப்பவர் படித்துவிடுவார் என்ற பயம் வேண்டாம். ஆபத்து கல்லா கம்ப்யூட்டரில்தான்: பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் செய்து வைத்த பில்லிங் ஃபோல்டர் இன்று வரை கடையில் உட்கார்ந்த யார் போனுக்கும் திறந்துதான் இருந்திருக்கும்.

இன்னொன்று, ஸ்வைப் மெஷினை அணைத்துப் போடும்போது மட்டும் வைஃபை கிடைக்கவில்லை என்கிற புகாராக இது வரும். ரூட்டர் ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரி கொடுக்கும், கைவசம் இருப்பது அதிகபட்சம் 250 சொச்சம், சில ரூட்டர்களில் நூறுதான் ஒதுக்கியிருப்பார்கள். ஒரு தடவை கொடுத்தால் பல ரூட்டர்களில் 24 மணி நேரம் அந்தப் போன் பெயரில்தான் இருக்கும், அவர் டீ குடித்துவிட்டுப் போயிருந்தாலும். நாள் முழுக்க ஆட்கள் வந்து போகிற கடையில் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். கெஸ்டுக்கு முகவரி வரிசை தனியாக இருக்கிற ரூட்டரில் இது உங்கள் மெஷினைத் தொடாது. ஒரே வரிசையைப் பங்கு போடுகிற ரூட்டராக இருந்தால் அந்த 24 மணி நேரத்தை, அதாவது Lease Time-ஐ, 60 அல்லது 120 நிமிடமாகக் குறைத்து, ரெண்டு மெஷினுக்கும் முகவரியை ரிசர்வ் செய்துவிடுங்கள்.

இதுவரை ஃபெயில் ஆன பரிவர்த்தனைகளில் கஸ்டமர் கணக்கில் பணம் போய், உங்கள் மெஷினில் சிலிப் வராமல் நின்றவை இருக்கும். அவர்களிடம் சண்டை வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி அப்படிப் போன பணம் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும். கஸ்டமர் தன் வங்கியில் கேட்கலாம்.

ரூட்டர் வாங்குவதற்கு முன்னால் காலை, சாயங்காலம் அளந்த அந்த நாலு எண்ணையும், மோடம் மாடல் பெயரையும், மெஷினில் சிம் இருக்கிறதா என்பதையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.